உருகும் ஈயச்சொம்பா, ஈயம் பூசும் குடமா: வீடியோ எடிட்டருக்கு ஒரு பாத்திரக்கடைக்காரரின் கேள்வி

தம்பிக்கு வணக்கம்.

நீங்கள் வெட்டிக் கொடுத்த இரண்டு ரீல்களையும், அவை ஓடிய நாட்களின் பில் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பார்வை அதிகமான ரீல் கடைக்கு ஆள் கொண்டுவரவில்லை. பார்வை குறைந்த ரீல்தான் கொண்டுவந்தது. ஏன் என்று யோசித்ததை எழுதுகிறேன். எடிட்டிங் தெரிந்தவர் நீங்கள்; தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள்.

முதல் ரீல் ஈயச்சொம்பு உருகுவது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்ததும் அடி தொய்ந்து, வெள்ளி மாதிரி வழிந்து ஓடுகிறதே, அது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், கேஸ் அடுப்பின் தீ அதைவிடப் பல மடங்கு சூடு, அதனால் ரசக் கரைசலை ஊற்றிய பிறகுதான் பற்ற வைக்க வேண்டும் என்ற தகவலும் அதில் இருக்கிறது. நல்ல ரீல். மூன்று லட்சம் பார்வையைத் தாண்டியது. இரண்டாவது, பித்தளைக் குடத்துக்கு ஈயம் பூசுவது. குடத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, ஈயத்தைத் தேய்த்து, பஞ்சால் துடைத்ததும் உள்பக்கம் பளிச்சென்று வெளுக்கிறது. அது ஐயாயிரத்தைக்கூடத் தொடவில்லை.

ஆனால் பில் போடும்போது "எப்படி நம்ம கடை தெரியும்?" என்று எல்லோரிடமும் கேட்கச் சொல்லியிருந்தேன். உருகும் சொம்பைப் பார்த்து வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாட்டி காலத்து அண்டாவையும் குடத்தையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, "வீடியோல பார்த்தோம்" என்று வந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. வந்தவர்கள் பூசக் கொடுத்துவிட்டு, குத்துவிளக்கும் தாம்பாளமும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

முதலில் அந்த மூன்று லட்சம் என்ன என்று பார்ப்போம். இன்ஸ்டாகிராமில் ஒரே ஆள் மூன்று முறை பார்த்தால் மூன்று பார்வை. உருகும் காட்சியை யாரும் ஒருமுறையோடு விடுவதில்லை, அதனால் ஆள் கணக்கு பார்வைக் கணக்கைவிடக் குறைவுதான். யூடியூப் ஷார்ட்ஸிலும் 2025 மார்ச் 31 முதல் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. எத்தனை பேர், எந்த ஊர் என்பது இன்சைட்ஸ் பக்கத்தில் இருக்கிறது. உருகும் ரீலுக்கு சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர் என்று வரிசை போகிறது. நம்ம கடை இருக்கும் கும்பகோணம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. வயதில் பெரிய பங்கு 18 முதல் 24. ஈயச்சொம்பு வாங்கும் கை பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய கை. லொகேஷன் டேக் போட்டிருந்தோமே என்பீர்கள். அது வீடியோவில் ஊர்ப் பெயரைக் காட்டுமே தவிர, அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் காட்டு என்று சொல்லாது. யார் கடைசிவரை பார்ப்பார்களோ அவர்களைத் தேடித்தான் ரீல் ஓடும். சொம்பு உருகுவதைப் பார்க்க ஊர் தேவையில்லை.

எண்ணைவிடத் தெளிவாகப் பேசுவது கமென்ட். முதல் ரீலின் கீழே "ஐயோ போச்சே", "இன்னொன்றும் உருக்குங்க", நண்பர்களை டேக் செய்வது. இரண்டாவதன் கீழே "குடத்துக்கு எவ்வளவு ஆகும்?", "ஞாயிறு கடை உண்டா?", "காலையில் கொடுத்தால் சாயங்காலம் கிடைக்குமா?" முதல் ரீல் பார்த்தவரின் ஆசை அந்த வீடியோவுக்குள்ளேயே தீர்ந்துவிட்டது. இரண்டாவதைப் பார்த்தவர் வீட்டுப் பரணில் கறுத்துக் கிடக்கும் குடத்தை நினைத்துக்கொண்டார். அந்தக் குடத்தை போனில் அனுப்ப முடியாது, தூக்கிக்கொண்டு வந்தாக வேண்டும். எனக்குப் படும் முக்கியமான வித்தியாசம் இதுதான். சொம்பை வேறு ஊர்க்காரர் பார்சலில் வாங்கலாம், எங்கள் ஊர்க்காரர் அடுத்த தெருவிலும் வாங்கலாம். ஈயம் பூச பட்டறை எங்கே என்று கேட்பவர் நேரில் வந்தே தீர வேண்டியவர்.

எடிட்டிங்கில் ஒன்று கேட்க வேண்டும். இரண்டிலும் கடை பெயரும் வழியும் கடைசி மூன்று நொடியில் வருகின்றன. உருகும் ரீலில் சொம்பு முழுக்கக் கரைந்ததுமே பார்ப்பவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் கோடு செங்குத்தாக இறங்குகிறது, முகவரி அதற்குப் பிறகு வருகிறது. மேலும் முகவரியை நீங்கள் கீழே வைத்திருக்கிறீர்கள். போனில் பார்க்கும்போது கணக்குப் பெயரும் கேப்ஷனும் அதன் மேலேயே உட்கார்ந்துவிடுகின்றன. உங்கள் கணினித் திரையில் தெரிந்திருக்கும், என் மனைவியின் போனில் "கும்பேஸ்வரர் கோயில்" என்ற வரி பாதிதான் தெரிந்தது. ஈயம் பூசும் ரீலில் தப்பித்தது எப்படியென்றால், முதல் காட்சியிலேயே பட்டறை வாசலும் எங்கள் பெயர்ப் பலகையும் தெரிகின்றன. உள்ளூர்க்காரர் பார்த்ததும் இடம் பிடித்துவிட்டார்.

உருகும் ரீலுக்கே பணம் கட்டி பூஸ்ட் செய்யலாம் என்றீர்கள். எனக்கு உடன்பாடில்லை. பூஸ்டில் என்ன குறிக்கோள் கொடுக்கிறோமோ அதைச் செய்பவர்களைத்தான் அது தேடும். புரொஃபைல் பார்க்க வை என்றால் புரொஃபைலைத் தட்டும் பழக்கமுள்ளவர்கள் வருவார்கள், கடைப்படி ஏறுபவர்கள் அல்ல. பணம் போடுவதென்றால் ஈயம் பூசும் ரீலுக்குப் போடுவோம். கும்பகோணத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர் வட்டம், வயது 35க்கு மேல், குறிக்கோள் மெசேஜ். சுவாமிமலை, திருவிடைமருதூர், பாபநாசம், வலங்கைமான் எல்லாம் அதற்குள் வந்துவிடும். குடத்தோடு பஸ் ஏறி வரக்கூடிய தூரம் அவ்வளவுதான். வட்டம் சிறிதென்பதால் பார்வை எண் குறையும், அதைப் பற்றி நான் உங்களிடம் கேள்வி கேட்க மாட்டேன்.

எந்த ரீல் ஆளை அனுப்பியது என்பதை பில் மேசையில் கேட்பதோடு விடாமல், வாட்ஸ்அப் இணைப்பிலேயே பிரித்துவிடலாம் என்று மகள் சொல்கிறாள். ரீலை ஏற்றும் வாரத்தில் அதற்குரிய இணைப்பை புரொஃபைலில் போட்டுவிட்டால், தட்டியதும் முதல் வரி தானாக எழுதப்பட்டிருக்கும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=குடம்
https://wa.me/91XXXXXXXXXX?text=சொம்பு
```

"குடம்" என்று வந்தால் பூச்சு ரீல், "சொம்பு" என்று வந்தால் உருகும் ரீல். மெசேஜே அனுப்பாமல் நேராக வருபவர்கள் இதில் சிக்க மாட்டார்கள், அதற்கு மேசைக் கேள்வியே தொடரட்டும்.

உருகும் ரீல்களை நிறுத்தச் சொல்லவில்லை. அவை வெளியூர் பார்சலுக்கு உதவும். வெள்ளீயம் மெத்தென்ற உலோகம், கொஞ்சம் இடித்தாலும் நசுங்கும். அதனால் எப்படிப் பொதிந்து அனுப்புகிறோம் என்பதைக் கடைசியில் சேர்த்து, "பார்சல் உண்டு" என்று உருகும்போதே திரையின் நடுவில் எழுதுங்கள். அந்த ரீலை இனி கடைக்கு வந்தவர் கணக்கில் எடைபோட மாட்டேன்.

கடைக்காக எடுக்க வேண்டிய அடுத்த ரீலையும் யோசித்துவிட்டேன். ஈயச்சொம்பு வாங்க வருபவர்களின் பயம், காரீயம் கலந்திருக்குமோ என்பது. சுத்த வெள்ளீயப் பட்டையைக் காதருகே வைத்து வளைத்தால் கறகறவென்று ஒரு சத்தம் வரும், காரீயத்துக்கு அது கிடையாது. கடையில் யார் கேட்டாலும் வளைத்துக் காட்டுவேன். அதை எடுங்கள், ஆனால் சத்தத்தின் மேல் பாட்டு போடாதீர்கள். முதல் காட்சி பெயர்ப் பலகை. "நீங்களே வந்து வளைத்துப் பாருங்கள்" என்று நான் சொல்கிறேன். விலையும் விடுமுறை நாளும் திரையின் மேல்பாதியில்.

வெள்ளிக்கிழமை காலை வர முடியுமா? பட்டறைப் பெரியவர் வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிடுவார், சந்தில் வண்டிச் சத்தமும் அப்போது குறைவு. சின்ன மைக் ஒன்று கொண்டுவாருங்கள்.