மழைக்கும் புழுதிக்கும் ஒரே செயின்: வெட் லூப்பா, டிரை லூப்பா?

சென்னையில் கியர் சைக்கிளில் நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் வீதம் வாரத்தில் ஐந்து நாள் அலுவலகம் சென்று திரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய செயின் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நனைகிறது. கோடையில் சாலைப் புழுதியில் ஓடுகிறது.

செயினுக்கு இடும் மசகான லூப் இரண்டு வகை. வெட் லூப் என்பது எளிதில் ஆவியாகாத, பிசுபிசுப்பான எண்ணெய். டிரை லூப்பிலோ மெழுகு போன்ற பொருள் ஒரு கரைப்பானிலோ தண்ணீரிலோ கலந்திருக்கும். அந்தத் திரவம் உலர்ந்த பிறகுதான் மெல்லிய படலம் மிஞ்சும்.

மழையில் டிரை லூப் கழுவப்பட்டுப் போய்விடும் என்பது பலரும் அறிந்ததே. அதைவிடப் பெரிய சிக்கல், அதை மறுபடி இடுவதில் இருக்கிறது. ஈரமில்லாத செயினில் இட்டு, சில மணி நேரம், இயன்றால் இரவு முழுவதும், உலர விட வேண்டும். மாலையில் நனைந்து வந்த செயினைத் துணியால் துடைத்தாலும் ரோலர்களின் உட்புறத்தில் தண்ணீர் தங்கியிருக்கும். நவம்பர் மாத ஈரக்காற்றில் அது விடிவதற்குள் காய்வதில்லை. படலம் பிடிக்காத அந்தச் செயினில் காலையில் செந்நிறத் துரு தெரியும், பெடலை மிதித்தால் கீச்சொலி எழும். வெட் லூப் இட்ட செயினுக்கு அன்றாடம் ஒரு துடைப்பு போதும்.

கோடையில் நிலைமை தலைகீழாகிறது. வெட் லூப்பில் ஒட்டும் நுண்மணல் எண்ணெயோடு குழைந்து, உள்ளிருக்கும் பின்களை அரைத்துத் தேய்க்கும் கரும்பசையாகிறது. அதை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தால் நறநறக்கும். டிரை லூப்பில் புழுதி அவ்வளவாக ஒட்டாது. ஆனால் அது நெடுநாள் தாங்காது என்பதால், வாரம் 100 கிலோமீட்டர் ஓட்டும் இவர் வெள்ளிக்கிழமை இரவுதோறும் ரோலருக்கு ஒரு சொட்டு வீதம் இட்டு, காய்ந்தபின் வெளிப்புறத்தைத் துடைத்துவிடுவது நல்லது.

ஒரே புட்டிதான் வாங்க முடியும் என்றால் நான் வெட் லூப்பையே சொல்வேன். மழையில் டிரை லூப் ஒரே நாளில் கைவிடுகிறது. புழுதியில் வெட் லூப் செய்யும் கேடோ மெதுவானது, குறைவாக இட்டு அடிக்கடி துடைத்தால் பெருமளவு தவிர்க்கக்கூடியது. (செயினை முழுவதும் மூடும் கவர் உள்ள பழைய வகைச் சைக்கிளுக்கு இந்த விவாதமே பெரிதாகத் தேவையில்லை.)

இரண்டையும் வைத்திருப்பவர் டிரையிலிருந்து வெட்டுக்கு மாறுவது எளிது. துடைத்துவிட்டு இட்டால் போதும். மழை முடிந்து டிரைக்குத் திரும்பும்போது மட்டும் செயினை மண்ணெண்ணெயில் அலசி, பிறகு சோப்புநீரில் கழுவி, நன்கு உலர்த்த வேண்டும். எண்ணெய்ப் பசை மிஞ்சினால் மெழுகு பிடிக்காது.

அந்தக் கழுவலின்போதே தேய்மானத்தையும் அளந்துவிடலாம். புதிய செயினில் ஒரு பின்னின் மையத்திலிருந்து 24 இடைவெளி தள்ளியுள்ள பின்னின் மையம் வரை சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 1/16 அங்குலம் கூடியிருந்தால் புதிய செயின் வாங்கும் வேளை நெருங்குகிறது. 1/8 அங்குலம் கூடிவிட்டால் பின்சக்கரப் பற்களும் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு, அப்போது செயினை மட்டும் மாற்றினால் அது பற்களில் வழுக்கக்கூடும்.