டெபுடி மேனேஜரைத் தமிழில் எழுத மூன்று வழிகள்

ஆங்கிலத் தன்விவரக் குறிப்பில் ‘டெபுடி மேனேஜர், குவாலிட்டி அஷ்யூரன்ஸ்’ என்று ஒரு வரி. இதைத் தமிழில் முழுக்க மொழிபெயர்க்கலாம், ஒலிபெயர்க்கலாம், இரண்டையும் சேர்த்தும் எழுதலாம்.

முழு மொழிபெயர்ப்பில் ‘துணை மேலாளர், தர உறுதி’ என்று வரும். படிக்க அழகாக இருக்கிறது, பிழையும் இல்லை. சிக்கல், அது மறுபடி ஆங்கிலத்துக்குத் திரும்பும்போதுதான். டெபுடி, வைஸ் இரண்டுக்குமே தமிழில் ‘துணை’ என்றுதான் எழுதுகிறோம். போதாக்குறைக்குத் துணையையும் உதவியையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதை ‘அசிஸ்டென்ட் மேனேஜர்’ என்று மாற்றிவிட்டால், பல நிறுவனங்களில் அது ஒரு படி கீழே. பணி நியமனக் கடிதத்தோடு ஒப்பிடுபவர், பதவி ஏன் பொருந்தவில்லை என்று கேட்பார். ‘தர உறுதி’யும் இப்படித்தான் ‘தரக் கட்டுப்பாடு’ ஆகிவிடுகிறது. முன்னது பிழை நேராதபடி செயல்முறையை அமைப்பது. பின்னது முடிந்த பொருளைச் சோதிப்பது. இரண்டும் வேறு வேலை.

‘டெபுடி மேனேஜர்’ என்று ஒலிபெயர்த்தால் படிநிலை தப்பாது. ஆனால் பக்கம் முழுவதும் இப்படியே போனால் அது தமிழ் எழுத்தில் இருக்கும் ஆங்கிலக் குறிப்புதான். அதற்கு ஆங்கிலப் பிரதியையே கொடுத்துவிடலாம்.

நான் மூன்றாவது வழியின் பக்கம். பதவி முதலில் வரும் இடத்தில் தமிழ்ப் பெயரை எழுதி, நியமனக் கடிதத்தில் உள்ள ஆங்கிலப் பெயரை ஓர் எழுத்தும் மாறாமல் அருகில் வைப்பேன். பிறகு தமிழ்ப் பெயர் மட்டும் போதும். வரி நீளும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். SQL, AutoCAD போன்ற கணினி மொழி, மென்பொருள் பெயர்களுக்கு இந்தச் சடங்கு தேவையில்லை. தேடுபவர் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார், அப்படியே விட வேண்டும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது கணக்கு மாறுகிறது. அரசுப் பதவிகளுக்கு ஆங்கிலப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. நாம் உருவாக்கக் கூடாது, தேடி எடுக்க வேண்டும். தமிழ்நாட்டின் ‘செயற்பொறியாளர்’ எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர். சொல்லைப் பிரித்து ‘செயல்’ என்பதற்கு நேர்ச்சொல் தேடினால் அப்படி ஒரு பதவியே இராது. ‘வட்டாட்சியர்’ ஆங்கிலத்தில் தாசில்தார்தான். இலங்கைக் குறிப்பில் ‘முகாமையாளர்’ என்று இருந்தால் திகைக்க வேண்டாம், அவரும் மேனேஜரே.

அனுப்புவதற்கு முன், ஆங்கிலப் பெயர்களை மறைத்துவிட்டுத் தமிழ்ப் பதவிப் பெயர்களை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். எந்த வரி வேறாகத் திரும்பி வருகிறதோ, அங்கே ஆங்கிலப் பெயரைக் கட்டாயம் அருகில் வைக்க வேண்டும்.