மதுரையில் ஜிம் ஷூ வாங்கப் போறீங்களா? ரன்னிங் ஷூவைத் தலையில் கட்டிவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள்

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு ஷூ கடை. ஸ்குவாட்டும் டெட்லிஃப்டும் போடுவதற்கு, அடி தட்டையாக, அமுங்காமல் இருக்கிற ஷூ வேண்டும் என்று தெளிவாகவே கேட்டேன். கடைப் பையன் ஒரு ஜோடியை எடுத்துவந்து, "அண்ணே, இது ட்ரெயினிங் ஷூதாண்ணே. வெயிட் தூக்குறவங்க எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார். அடி தடிமனாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, உள்ளே கெட்டித் தகடு வைத்திருக்கிறது, அமுங்காது என்று முதலாளியே வந்து சொன்னார். 3,800 ரூபாய் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியின் விலை ஸ்டிக்கரை உரித்தால், அடியில் 'ரன்னிங்' என்று அச்சடித்திருக்கிறது. கம்பெனி ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறது. கடைக்காரர் அதன் மேலேயே ஸ்டிக்கரை ஒட்டி மறைத்துவிட்டார். எனக்குக் கோபம் வருவது இதனால்தான், ஏனென்றால் இது கால் சம்பந்தப்பட்ட விஷயம்.

அந்த ஷூவோடு 80 கிலோ ஸ்குவாட் போட்டபோது, பின்னால் நின்று பார்த்த கோச் பாதியிலேயே நிறுத்தச் சொன்னார். கீழே இறங்கும்போது இரண்டு குதிகாலும் உள்பக்கமாகச் சரிகிறது, கூடவே முட்டியும் உள்ளே மடங்குகிறது என்றார். "ஷூவக் கழட்டு தம்பி, அதே வெயிட்டப் போடு." வெறுங்காலோடு போட்டேன். சரிவு இல்லை, முட்டி நேராக நின்றது. பிறகு ஷூவைத் திருப்பிக் காட்டினார். குதிகால் பக்க ஃபோமில், உள்பக்கம் மட்டும் சுருக்கம் விழுந்திருந்தது.

ஃபோம் பலவீனமானது என்று இதற்கு அர்த்தமில்லை. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. அதை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வாங்கிக்கொண்டு அமுங்கி எழும்புவதுதான் அந்த ஃபோமின் வேலை. ஸ்குவாட்டில் பாரம் பல நொடிகள் அப்படியே நிற்கிறது. நாம் எந்தப் பக்கம் கொஞ்சம் சாய்கிறோமோ, அந்தப் பக்கம் ஃபோம் கூடுதலாக அமுங்குகிறது. அமுங்கினால் இன்னும் சாய்கிறோம். என் எடையும் சேர்த்து 150 கிலோவுக்கு மேல் மெத்தை மேல் நின்று தூக்கினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது.

டெட்லிஃப்டில் இன்னொரு நஷ்டமும் உண்டு. குதிகாலில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் ஃபோம் இருந்தால் நாம் அவ்வளவு உயரத்தில் நிற்கிறோம், தூக்க வேண்டிய கம்பி மட்டும் தரையில் பழைய இடத்திலேயே கிடக்கிறது. கூடுதலாகக் குனிய வேண்டும், கூடுதல் தூரம் இழுக்க வேண்டும். குதிகால் உயர்ந்து முன்பாதம் தாழ்ந்திருப்பதால் உடம்பும் முன்னே தள்ளப்படுகிறது.

வெயிட்லிஃப்டிங் ஷூவிலும் குதிகால் உயரம்தானே என்று சிலர் கேட்பார்கள். உயரம்தான், சுமார் இரண்டு சென்டிமீட்டர். ஆனால் அது மரம் அல்லது கெட்டியான பிளாஸ்டிக், கொஞ்சமும் அமுங்காது. கணுக்கால் நன்றாக மடங்காதவர்களுக்கு ஸ்குவாட்டில் ஆழமாக உட்கார அது உதவும். டெட்லிஃப்டுக்குத் தட்டையான அடிதான் நல்லது.

கடையிலேயே சோதித்துவிடுங்கள். ஷூவின் பக்கவாட்டில், குதிகாலுக்குக் கீழே இருக்கும் வெள்ளைப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரல் உள்ளே போனால் அது வேண்டாம். மேஜையில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள், முனை வானத்தைப் பார்த்து வளைந்திருந்தால் அது ஓடுவதற்குச் செய்தது. போட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள், ஆட்டம் உடனே தெரியும். பெட்டியில் உள்ள ஸ்டிக்கரைப் பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே உரித்துப் பாருங்கள்.

பெரிய பிராண்டுதான் வேண்டும் என்றும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிடி பீரியடுக்குப் போடுகிற வெள்ளை கேன்வாஸ் ஷூவில் ரப்பர் அடி மெல்லியதாக, தட்டையாக இருக்கும். நான் இப்போது அதைத்தான் போடுகிறேன், கோச்சும் சரி என்றுவிட்டார். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ட்ரெட்மில்லிலோ ரேஸ்கோர்ஸ் மைதானத்திலோ ஓடாதீர்கள், அதற்குக் குஷன் ஷூதான் வேண்டும். லெக் பிரஸ் போல மெஷினில் உட்கார்ந்து செய்கிறவற்றுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

ஷூவைத் திருப்பிக் கொண்டுபோனேன். "ஒருதடவ போட்டாச்சுல்ல, எடுக்க மாட்டோம்" என்றார் முதலாளி. ஸ்டிக்கரைக் காட்டியதும், வேறு ஜோடி மாற்றித் தருகிறேன் என்று இன்னொரு தடிமன் ஃபோம் ஷூவையே நீட்டினார். நான் வாங்கவில்லை. பில்லையும் பெட்டிப் படத்தையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இதேபோல் ஏமாந்தவர்கள் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், அந்த ஸ்டிக்கர்தான் சாட்சி.