'ஸ்டீல் கட்' ஓட்ஸ் என்று நம்பி 420 ரூபாய் கொடுத்து ஏமாந்த கதை

எனக்குச் சர்க்கரை நோய் வந்து ஐந்து வருடம் ஆகிறது. மெட்ஃபார்மின் மட்டும்தான். காலையில் சாதாரண ரோல்டு ஓட்ஸ் 40 கிராம் எடுத்து, தண்ணீரில் ஏழெட்டு நிமிடம் வேகவைத்து, உப்பும் கொஞ்சம் மோரும் சேர்த்துக் குடித்துவந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் எங்கள் பக்கத்து ஆர்கானிக் கடைக்குப் போனது என் தப்பு.

"அக்கா, நீங்க சாப்பிடுறது சுகரை ஏத்தும். ஸ்டீல் கட்தான் சுகர் உள்ளவங்களுக்கு. இது மூணு நிமிஷத்துல ரெடி. சர்க்கரை ஒரு துளிகூடச் சேர்க்கல" என்று கடைக்காரர் ஒரு ஜிப் கவரை எடுத்து வைத்தார். அரைக் கிலோ 420 ரூபாய். நான் வாங்கும் ஓட்ஸ் ஒரு கிலோவே அதில் பாதி விலைதான். கவரில் பெயர், எடை, பேக் செய்த தேதி, விலை ஒட்டியிருந்தார்கள். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை. அதைக் கேட்கத் தோன்றவில்லை. 'மூன்று நிமிடம்' என்றபோதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். ஸ்டீல் கட் என்பது ஓட்ஸ் மணியை இரண்டு மூன்று துண்டாக வெட்டியது, அவ்வளவுதான். பார்க்கக் கோதுமைக் குருணை மாதிரி கெட்டியாக, உருண்டையாக இருக்கும். அடுப்பில் இருபது, முப்பது நிமிடம் கேட்கும். ரோல்டு ஓட்ஸில் முழு மணியை ஆவியில் காட்டி உருளையால் நசுக்குகிறார்கள். இன்ஸ்டன்டில் மணியை முதலில் துண்டாக்கி, கூடுதலாக வேகவைத்து, காகிதம் போல மெல்லிசாக நசுக்குகிறார்கள். அதனால்தான் கொதிநீர் ஊற்றியதும் கூழாகிறது. பாதி வேலையைத் தொழிற்சாலையே முடித்துவிட்டதால், மாவுச்சத்தை உடைப்பதில் நம் வயிற்றுக்குப் பெரிய வேலை மிச்சமில்லை. மூன்றிலும் இயற்கையாக உள்ள சர்க்கரை கிட்டத்தட்ட ஒன்றுதான், நூறு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு கிராம். வித்தியாசம் சர்க்கரையில் இல்லை, மணி எவ்வளவு உடைந்திருக்கிறது என்பதில்தான்.

வீட்டில் கவரைப் பிரித்தால் உள்ளே தவிடு போல மெல்லிய செதிலும் தூளும். வெறும் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுப் பத்து நிமிடம் வைத்தேன். தண்ணீர் பால் மாதிரி கலங்கியது, செதில் விரலில் மசிந்தது. உண்மையான ஸ்டீல் கட் என்றால் அப்போதும் பல்லில் நறநறவென்றுதான் இருக்கும். சரி, வாங்கியாச்சு, அளந்தாவது பார்ப்போம் என்று குளுக்கோமீட்டரை எடுத்தேன்.

முதலில் என் பழைய ரோல்டு ஓட்ஸ். வெறும் வயிற்றில் 118, சாப்பிட ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் 171, இரண்டு மணி நேரத்தில் 149. மறுநாள் அதே 40 கிராம் கடைச் சரக்கு, அதே உப்பு, அதே மோர். வெறும் வயிற்றில் 121, ஒரு மணியில் 226, இரண்டு மணியில் 188. வீட்டு மீட்டர் முன்னே பின்னே காட்டும் என்பது தெரியும். ஒரு நாள் கணக்கை நம்பாமல், மூன்று நாள் இது, மூன்று நாள் அது என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு. ஒருநாள்கூடக் கடைச் சரக்கு ஒரு மணி நேரத்தில் 210-க்குக் கீழே வரவில்லை.

கடைக்குத் திரும்பிப் போய், இதை எடுத்து நிரப்பிய மூட்டையைக் காட்டுங்கள் என்று நின்றுவிட்டேன். ரொம்பத் தயங்கி எடுத்துவந்தார். மூட்டையில் இருந்த பெயர் 'இன்ஸ்டன்ட் ஓட்ஸ் மிக்ஸ்'. ஓட்ஸ் 78 சதவீதம். அடுத்த பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின், அப்புறம் சோயா புரதம், உப்பு, மணமூட்டி. அதாவது நான் சாப்பிட்ட 40 கிராமில் ஓட்ஸ் 31 கிராம்தான். பட்டியல் எடை வரிசையில் போடப்படுவதால், மிச்சத்தில் முதலிடம் மால்டோடெக்ஸ்ட்ரினுக்கு. அது மாவுச்சத்தை உடைத்துச் செய்த பொடி. லேபிளில் 'சர்க்கரை' என்ற வரியில் பெரும்பாலும் வராது, மொத்த மாவுச்சத்தில் ஒளிந்துகொள்ளும். ஆனால் ரத்தத்தில் குளுக்கோஸ் மாதிரியே வேகமாக ஏறும். "சர்க்கரை சேர்க்கவில்லை" என்றது எழுத்துக்கு எழுத்து உண்மை. அதுதான் எனக்கு ஆத்திரம். என் 226-இல் செதிலின் பங்கு எவ்வளவு, இந்தப் பொடியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுமே அதில் உண்டு.

இன்னொரு கொடுமை கேளுங்கள். அது உண்மையான ஸ்டீல் கட்டாகவே இருந்திருந்தாலும் அந்தக் கூடுதல் பணம் தண்டம். பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷனில் 2015-இல் வந்த தொகுப்பாய்வில் கிளைசீமிக் குறியீடு, அதாவது ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்ற அளவு, குளுக்கோஸை 100 என்று வைத்தால் ஸ்டீல் கட் 55, தடித்த ரோல்டு 53, சீக்கிரம் வேகும் ரகம் 71, இன்ஸ்டன்ட் 75. முதல் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. கோடு விழுவது ரோல்டுக்கும் இன்ஸ்டன்டுக்கும் நடுவில். நான் கோட்டுக்கு நல்ல பக்கம்தான் இருந்தேன், கிலோ கணக்கில் நான்கு மடங்கு பணம் கொடுத்து மறுபக்கம் போயிருக்கிறேன். (மிக்ஸியில் ஓட்ஸை அரைத்து தோசை ஊற்றுபவர்களும் இதைக் கவனியுங்கள். அரைத்தால் நீங்களே மணியை உடைத்துவிடுகிறீர்கள். நானும் ஒரு வருடம் அதைச் செய்தவள்தான்.)

அந்தக் கவரோடு 'தேன் பாதாம்' சோளச் செதில் ஒன்றும் இலவசமாக வந்தது. அதிலாவது லேபிள் இருந்தது. நூறு கிராமுக்குச் சர்க்கரை 28 கிராம். ஒரு வேளைக்கு 30 கிராம் என்று போட்டிருக்கிறார்கள், அப்படியென்றால் எட்டு கிராம் சொச்சம், இரண்டு டீஸ்பூன். என் பேரன் தனக்குப் போட்டுக்கொண்ட கிண்ணத்தைத் தராசில் வைத்தேன். 62 கிராம். பதினேழு கிராம் சர்க்கரை, அதாவது நான்கு டீஸ்பூன், பால் ஊற்றுவதற்கு முன்பே. பாதாமைத் தேடினால் ஐந்தாறு சீவல்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, பலர் இதில் ஏமாறுகிறார்கள். சர்க்கரை பூசிய சோளச் செதிலைவிட, பூசாத சாதாரண சோளச் செதில் கிளைசீமிக் குறியீட்டில் மேலே நிற்பதுண்டு. பூசாதது 80 பக்கத்தில் வரும். டேபிள் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ், அது ரத்தக் குளுக்கோஸை நேரடியாக அவ்வளவு ஏற்றாது என்பதால் சராசரி குறைகிறது. ஆகவே 'குறைந்த கிளைசீமிக்' என்று ஒரு இனிப்புச் செதில் டப்பாவில் போட்டிருந்தால் மயங்கிவிடாதீர்கள். அதே மாதிரி 'சர்க்கரை குறைவு' என்று சாதாரணச் சோளச் செதிலை எடுத்தாலும் மீட்டர் ஏறத்தான் செய்யும்.

பணத்தைத் திருப்பித் தர முடியாது, கவரைப் பிரித்துவிட்டீர்கள் என்றார் கடைக்காரர். பிரிக்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "எல்லாரும் இதத்தானக்கா வாங்குறாங்க" என்றார். பில், ஒட்டுத்தாளோடு கவர், மூட்டையில் எடுத்த படம் மூன்றையும் வைத்து உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் போட்டிருக்கிறேன். சேர்மானப் பட்டியலும் உரிம எண்ணும் இல்லாமல் மறுபடி பேக் செய்து விற்றது, இல்லாத பெயரை ஒட்டியது என்று இரண்டையும் எழுதினேன். மிச்சமிருப்பதை வீசவில்லை. அதிகாரி கேட்டால் காட்ட வேண்டுமே என்று ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.