டாலர் வழியாக வந்த குரோனர்

மூன்று வாரப் பயணத்தில் விமானம் நேரத்துக்கு இறங்கியது, பெட்டிகள் தொலையவில்லை, குடியேற்ற வரிசையும் விரைவாகவே நகர்ந்தது. அவற்றைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. எழுத இருப்பதெல்லாம் பணம் மாற்றிய அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றித்தான். ஊரிலிருந்து திரும்பி வந்த பிறகும் அந்தக் கணக்கை நான் மனத்துக்குள் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நான் நார்வேயில் இருக்கிறேன். அங்கே கையில் நோட்டு வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. பேருந்துச் சீட்டுக்கும் காப்பிக்கும் அட்டையைத் தட்டிவிட்டுப் போவதே வழக்கம். ஊருக்குப் புறப்படும்போது மட்டும் நோட்டுக்கட்டு இல்லாவிட்டால் கை வெறுமையாகத் தோன்றும். ஆகவே 10,000 குரோனரை எடுத்துக்கொண்டு, புறப்படும் விமான நிலையத்தின் பணமாற்றுக் கவுண்டரிலேயே அதை டாலராக்கினேன். டாலர் என்றால் எங்கேயும் செல்லும், ஊரில் இறங்கியதும் ரூபாயாக்கிக்கொள்ளலாம் என்பது என் பெரியப்பா காலத்திலிருந்து வீட்டில் வழங்கிவரும் வேதவாக்கு.

ஊரில் இறங்கி, அத்தானையும் அழைத்துக்கொண்டு ஒரு பணமாற்று நிலையத்துக்குப் போனேன். டாலர்களை எண்ணி ரூபாயை என் முன் வைத்த பெண்ணிடம் அத்தான் என் பெருமையைச் சொல்லும் ஆசையில், "இவர் நார்வேயிலிருந்து வந்திருக்கிறார், அங்கே பணம் குரோனர்" என்றார். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "குரோனரும் நாங்கள் எடுப்போமே சார், போர்டைப் பார்க்கவில்லையா?" என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். பலகையின் கீழ்ப்பகுதியில் அது இருந்தது:

```
        BUY     SELL
USD     82.45   87.55
NOK      8.08    8.92
```

அந்த இரண்டு வரிகளையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டேன். அத்தான் வண்டியை எடுக்கப் போன இடைவெளியில், வாசற்படியில் நின்றபடியே கணக்குப் போட்டேன். எளிதில் பின்தொடர வேண்டும் என்பதற்காக அன்றைய சந்தை விலைகளை இங்கே முழு எண்களாகத் தருகிறேன்: ஒரு டாலருக்கு 10 குரோனர், ஒரு டாலருக்கு 85 ரூபாய். அப்படியென்றால் ஒரு குரோனருக்கு 8.50 ரூபாய். நான் வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற 10,000 குரோனரின் உண்மையான மதிப்பு 85,000 ரூபாய்.

புறப்பட்ட இடத்தில் டாலரின் விற்பனை விலை 10.50 குரோனர்; அதற்கு மேல் சேவைக் கட்டணம் 50 குரோனர். கட்டணம் போக மிஞ்சிய 9,950 குரோனருக்கு 947 டாலர் கிடைத்தது. மிச்சச் சில்லறை என் கோட்டுப் பையில் இன்றும் கிடக்கிறது. ஊரில் அந்த டாலர்களை விற்றபோது நூறு டாலர் நோட்டுகளுக்கு மட்டுமே 82.45 ரூபாய் கொடுத்தார்கள். சிறிய நோட்டுகளுக்கு விலை குறைவு என்று சொல்லி, மீதி 47 டாலருக்கு 80 ரூபாய் வீதம் கணக்கிட்டார்கள். ஆக 900 டாலருக்கு 74,205 ரூபாயும் 47 டாலருக்கு 3,760 ரூபாயுமாக என் கைக்கு வந்தது 77,965 ரூபாய். குரோனர் நோட்டுகளை அப்படியே அந்தக் கவுண்டரில் நீட்டியிருந்தால், பலகையில் இருந்த 8.08 வீதம் 80,800 ரூபாய் கிடைத்திருக்கும். வித்தியாசம் 2,835 ரூபாய். அதை மிச்சப்படுத்துவதற்கு நான் செய்ய வேண்டியிருந்தது எதுவுமே இல்லை. புறப்பட்ட இடத்தில் சும்மா இருந்திருந்தால் போதும்.

என்னை மிகவும் உறுத்தியது இன்னொரு எண். 947 டாலரைச் சந்தை விலையில் பெருக்கினால் 80,495 ரூபாய் வருகிறது. அதாவது, நான் விமானம் ஏறுவதற்கு முன்பே, இரண்டாவது கவுண்டரை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே, என் பணம் நேரடி மாற்றில் கிடைத்திருக்கக்கூடிய 80,800 ரூபாயைவிடக் கீழே இறங்கிவிட்டது. அதன் பிறகு ஊர்க் கவுண்டர் ஒரு காசு லாபம் இல்லாமல் மாற்றிக் கொடுத்திருந்தாலும் நான் நஷ்டத்தில்தான் இருந்திருப்பேன். அங்கே அந்தப் பெண்ணிடம் சிறிய நோட்டுகளுக்காக நான் செய்த வாக்குவாதத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. பெரிய ஓட்டை முதல் கவுண்டரில் இருந்தது. நானோ அங்கே நன்றி சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

பணமாற்றுப் பலகைகளில் இரண்டு பத்திகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும்: கவுண்டர் நம்மிடம் வாங்கும் விலை, நமக்கு விற்கும் விலை. சந்தையின் நடுவிலை இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கும். அதைப் பலகையில் எழுத மாட்டார்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில் ஏறத்தாழப் பாதி, ஒரு முறை மாற்றும்போது நாம் விட்டுச் செல்லும் தொகை. ஊர்ப் பலகையில் டாலருக்கு 5.10 ரூபாய் இடைவெளி, பாதி 2.55, அது நடுவிலையில் மூன்று விழுக்காடு. குரோனருக்கு 84 பைசா இடைவெளி. பாதி 42 பைசா. அது ஏறத்தாழ ஐந்து விழுக்காடு. குரோனர் நோட்டு ஊரில் மெதுவாகத்தான் கைமாறும், பெட்டியில் நாள்கணக்கில் தூங்கும், கட்டாகச் சேர்ந்த பிறகே மொத்த வியாபாரிக்குப் போகும் என்பதால் அதற்கு இடைவெளி அதிகம். இங்கேதான் நம் மனம் ஏமாறுகிறது. டாலருக்கு மூன்று, குரோனருக்கு ஐந்து என்று பார்த்ததும் டாலர்தான் மலிவான வழி என்று தோன்றிவிடுகிறது. அந்த மூன்று, பாதையின் இரண்டாம் பாதிக்கு மட்டுமான சுங்கம் என்பதும், குரோனரை டாலராக்கிய முதல் பாதிக்கு ஏற்கெனவே ஐந்துக்கு மேல் கட்டியாகிவிட்டது என்பதும் அந்தப் பலகையில் தெரியாது.

சதவீதங்களை வெறுமனே கூட்டுவதைவிட, ஒவ்வொரு படியிலும் மிஞ்சுவதைப் பெருக்குவது சரியான கணக்கு. என் விஷயத்தில் முதல் படியில் நூற்றுக்கு 94.7 மிஞ்சியது; இரண்டாம் படியில், சிறிய நோட்டுகளின் தள்ளுபடியையும் சேர்த்து, 96.9 மிஞ்சியது. இரண்டையும் பெருக்கினால் 91.7. நேரடி மாற்றில் 95 மிஞ்சியிருக்கும். இரண்டு வழிகளும் சமமாக வேண்டுமென்றால் முதல் கவுண்டர் கட்டணம் உட்பட இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவாக எடுத்திருக்க வேண்டும். விமான நிலையத்தில் நோட்டாக மாற்றும்போது அப்படிப்பட்ட தயாளத்தை நான் எங்கும் கண்டதில்லை. "கமிஷன் இல்லை" என்று எழுதி வைத்திருக்கும் கவுண்டர்களிலும் இதே கதைதான். கமிஷன் விலைக்குள் ஒளிந்திருக்கிறது, அவ்வளவே.

இதைக் கேட்ட அத்தான் ஒரு நல்ல கேள்வி எழுப்பினார். அந்தக் கடைக்காரர் மட்டும் குரோனரை நேரடியாக ரூபாயாக்குகிறாரா, அவருக்கும் நடுவில் டாலர் வராதா என்று கேட்டார். வரும். வங்கிகளுக்கிடையிலான சந்தையில் குரோனருக்கும் ரூபாய்க்கும் இடையே நேரடி வியாபாரம் மிகவும் மெலிந்தது. குரோனர்–டாலர் விலையையும் டாலர்–ரூபாய் விலையையும் வைத்துத்தான் அந்த 8.50 என்ற குறுக்கு விலையே பிறக்கிறது. ஆனால் அந்தச் சந்தையில் ஒவ்வொரு படிக்கும் ஆகும் இடைவெளி ஒரு விழுக்காட்டின் மிகச் சிறிய பின்னம். பெருந்தொகைகள் கணக்கு ஏடுகளில் மட்டுமே நகர்கின்றன. நோட்டை ஏற்றி இறக்கி, காப்பீடு செய்து, பெட்டியில் பூட்டி வைக்கும் செலவு அங்கே இல்லை. நேரடியாக மாற்றும்போது டாலர் வழியான பயணத்தை வியாபாரிகள் மொத்த விலையில் செய்துகொள்கிறார்கள், நாம் சில்லறை விலையை ஒரே ஒரு முறை கட்டுகிறோம். நானோ அதே பயணத்தை என் கையாலேயே செய்து, இரண்டு முறை சில்லறை விலை கட்டினேன்.

பெரியப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வெளிநாட்டிலிருந்து வந்துபோன நாட்களில் பலகையில் டாலர், பவுண்டு, ஜெர்மன் மார்க் தவிர வேறு எதையும் நான் பார்த்த நினைவில்லை. குரோனரை நீட்டியிருந்தால் அது எந்த நாட்டுக் காகிதம் என்று கேட்டிருப்பார்கள். அன்றைக்கு டாலர் ஒன்றே வழி. செலவைப் பற்றிய கேள்வியே எழவில்லை. அவர் உள்பையில் ஊசி குத்திப் பத்திரப்படுத்திக் கொண்டுவந்த அந்தப் பச்சை நோட்டுகளைத் தொட்டுப் பார்க்க நாங்கள் வரிசையில் நிற்போம். வழி மாறிய பிறகும் நான் அந்த நினைவையே பிடித்துக்கொண்டு வந்ததுதான் கோளாறு.

டாலர் வழி ஒருபோதும் உதவாது என்று நான் சொல்ல வரவில்லை. என் கணக்கில் 10,000 குரோனருக்கு இறுதியில் 77,965 ரூபாய் வந்ததால், ஊர்ப் பலகையில் குரோனருக்கு 7.80 ரூபாய்க்கும் குறைவாக இருந்திருந்தால் என் சுற்றுவழியே லாபமாகியிருக்கும். அரிதாகக் கைமாறும் நாணயங்களுக்கு அப்படிப்பட்ட விலைகளைப் போடும் கவுண்டர்களும் உண்டு. சம்பளமே டாலரில் வாங்குபவருக்கும் கதை வேறு. அவருக்கு முதல் படியே கிடையாது. ஆனால் இதைப் புறப்படுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஊர்க் கவுண்டருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். நம் நாணயத்தை எடுப்பார்களா, இன்று வாங்கும் விலை என்ன என்ற இரண்டே கேள்விகள். டாலர் வாங்கி முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

துபாயிலிருந்து வந்திருந்த மைத்துனன், திர்ஹாம் டாலரோடு கட்டப்பட்டது, ஆகவே தனக்கு இந்தத் தொல்லை இல்லை என்றான். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்பது நிலையான விலைதான். அங்கே நடுவிலை அசையாது. ஆனால் கவுண்டரின் இரண்டு பத்திகள் அந்த எண்ணின் இருபுறமும் நின்றுகொண்டுதான் இருக்கும். இதை விளக்க முயன்றேன். அவன் சாப்பிடப் போய்விட்டான்.

திரும்பும் நாளில் கையில் கொஞ்சம் ரூபாய் மிஞ்சியிருந்தது. அதே நிலையத்தில் கேட்டபோது குரோனர் நோட்டு இருப்பில் இல்லை, டாலராகத் தரட்டுமா என்று அந்தப் பெண் கேட்டார். அவர் சிரித்தாரா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. பணத்தை உறையில் போட்டு அக்காவின் பீரோவில் வைத்துவிட்டு விமானம் ஏறினேன்.