கம்பி மார்க், சிமென்ட் மூட்டை பிரிண்ட் போட்டோவை நம்பி லோடு எடுக்காதீர்கள்: ₹1,40,580 போச்சு

கட்டுமானப் பொருட்களை ஆன்லைனில் விற்கும் ஒரு தளம். பெயர் வேண்டாம். இரண்டு மாடி வீட்டுக்கு 12 எம்எம் 500டி கம்பி 200, பிபிசி சிமென்ட் 60 மூட்டை ஆர்டர். பணம் கட்டுவதற்கு முன் அவர்களே வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார்கள். கம்பி மேல் பிராண்ட் பெயரும் அதை ஒட்டி 500டி என்றும் புடைத்துத் தெளிவாகத் தெரிந்தது. மூட்டையில் ஐஎஸ்ஐ முத்திரை, வாரம், மாதம், வருடம் எல்லாம் பளிச்சென்று இருந்தது. கூடவே டெஸ்ட் சர்டிபிகேட் பிடிஎஃப். "சைட்டுக்கு வந்ததும் நீங்களும் போட்டோ எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க சார், ஒரு எழுத்து மாறாது" என்றார்கள். அந்தப் பேச்சில்தான் முழுப் பணமும் போனது.

லோடு இருட்டும் நேரத்துக்கு வந்தது. 12 எம்எம் என்றால் கட்டுக்கு 5 கம்பி, மொத்தம் 40 கட்டு. மேலே கிடந்த 6 கட்டும் போட்டோவில் பார்த்த அதே சரக்கு. டிரைவர் டார்ச் அடிக்க, படம் எடுத்து அனுப்பியாயிற்று, டெலிவரி சீட்டில் கையெழுத்தும் ஆயிற்று. அடியில் கிடந்த 34 கட்டும் வேறு சரக்கு என்பது காலையில்தான் தெரிந்தது.

அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை விவரமாகச் சொல்கிறேன். கம்பியில் உள்ள மார்க் அச்சடித்தது அல்ல. மில்லின் கடைசி ரோலில் எழுத்தைக் குழிவாக வெட்டியிருப்பார்கள். பழுக்கக் காய்ந்த கம்பி அதில் நுழைந்து வரும்போது எழுத்து புடைத்து ஏறும். ரோல் ஒரு சுற்று சுற்றினால் ஒரு மார்க். அதனால் ஒரு மார்க்குக்கும் அடுத்த மார்க்குக்கும் உள்ள தூரம் கம்பி முழுக்க ஒன்றாகவே இருக்கும். படம் எடுக்கும்போது ஒரு மார்க்கை மட்டும் நெருக்கமாக எடுப்பதில் பயனில்லை. இன்ச் டேப்பைக் கம்பியோடு நீட்டி வைத்து, இரண்டு மார்க்கும் ஒரே படத்தில் வரும்படி எடுக்க வேண்டும். எழுத்தின் மேல் சாக்பீஸைப் படுக்க வைத்துத் தேய்த்தால் புடைத்த இடம் மட்டும் வெள்ளையாகும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். நேராக ஃபிளாஷ் அடித்தால் எல்லாம் ஒரே தட்டையாகத்தான் தெரியும்.

சாக்பீஸ் தேய்த்ததும் குட்டு உடைந்தது. அடிக் கட்டுக் கம்பிகளில் பிராண்ட் பெயரில் நடுவே ஓர் எழுத்து வேறு. கிரேடு இருக்க வேண்டிய இடத்தில் 500 மட்டும், 'டி' இல்லை. 500-க்கு குறைந்தபட்ச நீட்சி 12 சதவீதம், 500டி-க்கு 16 சதவீதம். நிலநடுக்கத்தில் கம்பி ஒடியாமல் இழுபட்டுத் தாங்குவது இந்த நீட்சியால்தான். மார்க்குகளுக்கு இடையிலான தூரமும் மேல் கட்டில் ஒன்று, அடிக் கட்டில் வேறொன்று. ரோல் தேய்ந்து மறுபடி கடைசல் பிடித்தால் அந்தத் தூரம் சிறிது குறையும். ஆகவே தூரம் மாறியதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. எழுத்தே மாறிய பிறகு சந்தேகம் என்ன இருக்கிறது?

அடுத்து எடை. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 எம்எம்முக்கு 0.888 கிலோ. 12 மீட்டர் கம்பி 10.66 கிலோ இருக்க வேண்டும். கம்பிக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1786 இந்த அளவில் தனிக் கம்பிக்கு 6 சதவீதம் வரைதான் குறைய விடுகிறது. அதாவது சுமார் 10 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது. அடிக் கட்டுக் கம்பி 9.6 கிலோ. 12 எம்எம் என்று பில் போட்டு 11.4 எம்எம் தடிமனுக்கான இரும்பைத் தந்திருக்கிறார்கள். பில் எடை போட்டுப் போட்டதல்ல, 'பீஸ் கணக்கு'. கம்பியை எண்ணி 10.66-ஆல் பெருக்கிவிட்டார்கள். மடித்துக் கொண்டுவந்த கம்பியின் மடிப்பில், வெளிப்பக்கம், மயிரிழை போல வெடிப்பு வேறு. இதைத் தூணில் எப்படிக் கட்டுவது?

கட்டில் தொங்கிய டேக்கில் இருந்த CM/L எண்ணை, அதாவது ஐஎஸ்ஐ உரிம எண்ணை, பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் உரிமம் உண்மையானதுதான். ஆனால் அது வேறொரு மில்லுக்குக் கொடுத்தது. கம்பியில் இருக்கும் பெயர் அதில் இல்லை. எண்ணைப் போட்டதும் உரிமம் இருப்பதாக வருகிறதே என்று நிறுத்திவிடாமல், நிறுவனம், பிராண்ட், ஐஎஸ் எண், செல்லுபடியாகும் தேதி எல்லாவற்றையும் கம்பியோடு ஒப்பிட வேண்டும்.

சிமென்ட் இன்னும் மோசம். மூட்டையில் இருந்த CM/L எண், ஐஎஸ் 1489, பிராண்ட் எல்லாம் செயலியில் சரியாக ஒத்துப்போனது. ஒத்துப்போகாமல் என்ன செய்யும், சாக்கு உண்மையான சாக்கு. உள்ளே இருப்பதுதான் வேறு. கம்பெனியில் இந்த வகைச் சாக்கை இரு பக்கமும் முன்பே தைத்துவிட்டு, மூலையிலுள்ள வால்வ் வழியாகத்தான் நிரப்புகிறார்கள். இங்கே வந்த சாக்குகளில் ஒரு முனையில் பழைய ஊசித் துளைகள் வெறுமையாக வரிசை கட்டி நிற்கின்றன, அதற்கு அரை விரல் தள்ளி வேறு நூலில் புதுத் தையல். வாரம், மாதம் அச்சிட்ட இடத்தில் மட்டும் பின்னால் இருக்கும் பிராண்ட் நிறம் வெளுத்திருக்கிறது, பழைய எண்ணைத் துடைத்த தடம். எடை 50-க்கு 47 கிலோ. உள்ளே விரலால் நசுக்கினாலும் உடையாத கட்டிகள். முன்பக்கம் எடுத்த போட்டோவில் இதில் ஒன்றும் தெரியாது. தையல் முனையையும் வார எண்ணையும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

நஷ்டக் கணக்கு இது: 170 கம்பி, பில்லில் 1,812 கிலோ, கிலோ ₹65, ஆக ₹1,17,780. 60 மூட்டை, ₹380 வீதம் ₹22,800. மொத்தம் ₹1,40,580.

புகார் கொடுத்தோம். முதலில் "ரோல் தேஞ்சிருந்தா எழுத்து அப்படித்தான் சார் தெரியும்" என்றார்கள். ரோல் தேய்ந்தால் எழுத்து மழுங்கும், வேறு எழுத்தாக மாறாது என்றதும், "நீங்க இறக்கின அன்னைக்கு அனுப்பின போட்டோவுல எல்லாம் கரெக்டா இருக்கே" என்று எங்கள் படத்தையே எங்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். எடைக்காக ஒரு மீட்டர் துண்டு வெட்டியதைக் காட்டியபோது, "வெட்டின கம்பிக்கு ரிட்டர்ன் கிடையாது" என்றார்கள். வெட்டியது ஒரே கம்பி, மீதி 169 முழுசாகக் கிடக்கிறது. சிமென்டுக்கு, "மழைக் காத்து பட்டிருக்கும்". காற்று பட்டால் தையல் துளை இடம் மாறுமா? கடைசியில் டிக்கெட் 'தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ். ₹1,40,580-க்கு ஒரு மெசேஜ்!

1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பிஐஎஸ் கேரிலும் புகார் போட்டாயிற்று. நம்பி வாங்க எது நல்ல தளம் என்ற பட்டியல் போட இப்போது மனசில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்:

விற்பவர் அனுப்பும் போட்டோ அந்த ஒரு கம்பிக்கும் அந்த ஒரு சாக்குக்கும்தான் சாட்சி, லோடுக்கு அல்ல. இருட்டில் இறக்க விடாதீர்கள். நடுவிலும் அடியிலும் இருந்து கட்டை உருவி மார்க் பாருங்கள். வெட்டாமல் முழுக் கம்பியையே தொங்கு தராசில் போடுங்கள், நீளத்தையும் அளந்துவிடுங்கள். பீஸ் கணக்கு பில் வேண்டாம், எடைமேடைச் சீட்டு கேளுங்கள். இதெல்லாம் முடியும்வரை டெலிவரி சீட்டில் கையெழுத்து போடாதீர்கள், டிரைவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.