கைரானா, ஜூனோவா: இணை ஜாதகத்தில் எதை எதற்காகப் படிப்பது?

இருவரின் ஜாதகங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் சினாஸ்ட்ரி முறையில் சூரியன், சந்திரன், சுக்கிரன், செவ்வாய் ஆகியவற்றைப் பார்த்து முடித்த பிறகு, உறவின் ஆழத்தைத் தேடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு சிறிய பொருள்களிடம் வந்து சேர்கிறார்கள். ஒன்று, சனிக்கும் யுரேனஸுக்கும் இடையே சுற்றி வருவதும் 1977இல் சார்லஸ் கோவல் கண்டுபிடித்ததுமான கைரான். மற்றொன்று, 1804இல் கார்ல் ஹார்டிங் கண்டறிந்த ஜூனோ என்னும் சிறுகோள். கைரானை ஆறாத பழைய காயத்தின் குறியாகவும், ஜூனோவைத் துணையிடம் ஒருவர் எதிர்பார்க்கும் பிணைப்பின் குறியாகவும் மேலை ஜோதிடர்கள் படிக்கிறார்கள். இவை ஆய்வால் நிறுவப்பட்ட விளைவுகள் அல்ல, ஒரு மரபின் குறியீட்டு வாசிப்பே. ஆனாலும் அந்த மரபுக்குள் இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்பவை என்பதை மறந்து, ஒன்றின் விடையை மற்றொன்றிடம் கேட்பதால்தான் வாசிப்புகள் தவறாகின்றன.

முதல் வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. கைரான் ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய 50 ஆண்டுகள் எடுக்கிறது. அதன் பாதை மிகவும் நீள்வட்டமானது என்பதால் மேஷத்தில் ஏறத்தாழ 8 ஆண்டுகள் தங்கும் அது, துலாத்தை 2 ஆண்டுகளுக்குள் கடந்துவிடுகிறது. எனவே ஒத்த வயதுடைய இருவருக்குக் கைரான் ஒரே ராசியில், சில சமயம் ஒரே பாகையில்கூட இருப்பதில் வியப்பில்லை. அதை இருவருக்குமிடையே மட்டும் உள்ள ரகசியப் பிணைப்பாகக் கொண்டாடுவது பொருளற்றது. அவர்களுடைய வகுப்பில் படித்த அனைவருக்கும் அதே பிணைப்பு உண்டு. ஒருவரின் கைரான் மற்றவரின் சந்திரனையோ சூரியனையோ சுக்கிரனையோ லக்னத்தையோ தொடும்போதுதான் அது தனிப்பட்ட செய்தியாகிறது. ஜூனோவோ 4 ஆண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில் சுற்றை முடிப்பதால், சில மாத இடைவெளியில் பிறந்தவர்களுக்கே ராசி மாறிவிடும். அதன் ராசியையும் தனிமனிதத் தன்மையாகப் படிக்க இடமுண்டு.

இரண்டாவது வேறுபாடு, தொடர்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்பது. அவருடைய ஜூனோ இவருடைய சூரியனைத் தொட்டால், இவரைத் துணையாகக் காண்பவர் அவர்தான். இவர் அதை உணராமலே இருக்கலாம். கைரானில் இந்த ஒருதலைத்தன்மை குறைவு. காயம் ஒருவருடையது என்றாலும், அதைத் தொட்ட கையும் விரைவில் வலியை உணர்ந்துவிடும். அதனால்தான் கைரான் தொடர்புள்ள உறவுகள் தொடக்கத்திலேயே மிகத் தீவிரமாகத் தோன்றுகின்றன. என் கருத்தில், இத்துறையில் அதிகம் நிகழும் தவறு இந்தத் தீவிரத்தை உறுதிப்பாடு என்று எண்ணிக்கொள்வதே. கைரான் ஒருவரை ஈர்த்து நிறுத்தும். சேர்ந்து வாழும் நிபந்தனைகளைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஒரு கற்பனை இணையை எடுத்துக்கொள்வோம். அவருக்குக் கைரான் கடகம் 17 பாகை, ஜூனோ துலாம் 6, சுக்கிரன் ரிஷபம் 23. அவரைவிட மூன்று வயது மூத்த அவளுக்குச் சந்திரன் கடகம் 18, சூரியன் மிதுனம் 5, ஜூனோ கும்பம் 24. இவை மேலை நாட்டுச் சாயன முறையில் அமைந்தவை. இந்திய ஜோதிடத்தில் வழங்கும், அயனாம்சம் கழித்த நிராயனக் கணக்கில் எல்லாமே ஏறக்குறைய 24 பாகை பின்னால் போகும். ராசிப் பெயர்கள் மாறினாலும் இரு ஜாதகங்களையும் ஒரே முறையில் கணித்திருக்கும்வரை இடைவெளிகள் மாறா. சிறிய பொருள்கள் என்பதால், ஒரே இடத்தில் நிற்கும் சேர்க்கைக்கும் 180 பாகை எதிர்நிலைக்கும் 3 பாகை, 90 பாகைச் சதுரத்துக்கும் 120 பாகைத் திரிகோணத்துக்கும் 2 பாகை என்பதற்கு மேல் விலகலுக்கு நான் இடம் கொடுப்பதில்லை.

கைரானை மட்டும் வைத்துப் படிப்பவர் இப்படிச் சொல்வார்: கடகத்துக் கைரான், தன்னை யாரும் முழுமையாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்ற குறையைச் சுமக்கிறது, ஒரு பாகை தூரத்தில் நிற்கும் அவளது கடகச் சந்திரனோ கேட்காமலே அக்கறை காட்டும் இயல்புடையது. அவர் ஏங்கிய ஒன்று கைக்கு எட்டுகிறது; எட்டியதும் அது நிலைக்குமா என்ற ஐயம் எழுந்து அவர் விலகுகிறார். தன் அக்கறை தள்ளப்பட்டதாக அவள் நோகிறாள். நாள் செல்லச் செல்ல அவள் மருத்துவராகவும் அவர் நோயாளியாகவும் உறைந்துபோகும் ஆபத்து இங்கே உண்டு. இது நல்ல வாசிப்புதான். ஆனால் இவர்கள் எத்தகைய வாழ்க்கை ஒப்பந்தத்தை விரும்புகிறார்கள் என்பதை இது தொடவே இல்லை.

ஜூனோவை மட்டும் வைத்துப் படிப்பவருக்கு இரண்டு விடைகள் கிடைக்கின்றன. துலாத்தில் இருக்கும் அவரது ஜூனோ எல்லாவற்றையும் பேசி, சமமாகப் பகிர்ந்து, இணைந்தே செய்யும் துணையை நாடுகிறது. அது அவளது சூரியனுக்குத் திரிகோணத்தில் இருப்பதால் அவள் அவருக்கு இயல்பாகவே துணையாகத் தெரிகிறாள். அவளது கும்ப ஜூனோவோ உறவுக்குள்ளும் தனக்கென ஒரு வெளி வேண்டும் என்கிறது. அது அவரது ரிஷபச் சுக்கிரனுக்குச் சதுரம். அருகாமையையும் மாறாத பழக்கங்களையும் அன்பாக உணர்பவருக்கு, அவள் கேட்கும் தனிமை அன்பின்மையாகப் படும். எளிதான திரிகோணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இணக்கம் நன்று என்று எழுதி முடித்துவிடும் வாசிப்புகள் ஏராளம். இரு திசைகளையும் பார்க்காத ஜூனோ வாசிப்பு பாதி வாசிப்பே.

இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் சிக்கல் தெளிகிறது. அவள் ஒரு வார இறுதியைத் தனியே கழிக்க விரும்புவது ஜூனோவின் விஷயம். அதை அவர் கைவிடப்படுவதாகக் கேட்பது கைரானின் விஷயம். எந்தச் சண்டை எதைச் சேர்ந்தது என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. நிபந்தனை பற்றிய சண்டை, நிபந்தனையைத் திருத்தி அமைத்தால் அடங்கும்: எந்த நாள்கள் தனியாக, எவை சேர்ந்து என்று முடிவானதும் இருவரும் இலகுவாகிவிடுவார்கள். காயத்தின் சண்டையில் கோபம் நிகழ்வின் அளவை மீறும், இந்த உறவுக்கு முந்தைய கதைகள் உள்ளே வரும், உடன்பாடு ஏற்பட்ட பின்னும் அதே சொற்களில் அது திரும்பும். இந்த இணைக்கு நான் ஜூனோவிலிருந்துதான் தொடங்குவேன். ஏனெனில் நாள்களைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு தெளிவான பிறகும் எஞ்சி நிற்கும் வலியே உண்மையில் கைரானுடையது. அதற்கு முன் எல்லாவற்றையும் காயம் என்று விளக்கினால், அவளது நியாயமான கோரிக்கையும் அவரது நோய்க்குக் காரணமாக்கப்பட்டுவிடும்.

பிறந்த நேரம் ஐயத்துக்குரியதானால் இந்த வரிசைக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. சந்திரன் இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு பாகை நகர்கிறது. ஜூனோவும் கைரானும் ஒரு நாள் முழுவதிலும் அவ்வளவு நகர்வதில்லை. அவள் உண்மையில் ஐந்து மணி நேரம் தாமதமாகப் பிறந்திருந்தால் சந்திரன் கடகம் 20 பாகையைத் தாண்டியிருக்கும். கைரான் தொடர்பு 3 பாகை எல்லைக்கு வெளியே போய்விடும். அவளது ஜூனோ அவரது சுக்கிரனுக்கு அமைக்கும் சதுரமோ அப்போதும் இருந்த இடத்திலேயே இருக்கும்.